கணக்கு மாறிப் போன பணம்

2023 செப்டம்பர் 9 அன்று, சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஓர் இளைஞரின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியில் அவர் வைத்திருந்த கணக்கில் 9,000 கோடி ரூபாய் வரவு. ஏமாற்று வேலையோ என்று சந்தேகப்பட்டு, நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பிப் பார்த்தார். போய்விட்டது. சற்று நேரத்தில் மீதித் தொகை முழுவதையும் வங்கியே திரும்ப எடுத்துக்கொண்டது. அவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. அந்த 21,000 ரூபாய் பற்றித்தான் பின்னால் பேச்சு நடந்தது.

அதே ஆண்டு நவம்பரில் யூகோ வங்கியின் ஐ.எம்.பி.எஸ். சேவையில் கோளாறு ஏற்பட்டு, சுமார் 820 கோடி ரூபாய் பல்லாயிரம் பேரின் கணக்குகளில் தவறாக வரவானது. பணம் பெற்றவர்களின் கணக்குகளை முடக்கி, சில நாள்களுக்குள் சுமார் 649 கோடியை மீட்டுவிட்டதாக வங்கி அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம், சென்னை தியாகராய நகரில் உள்ள எச்.டி.எஃப்.சி. கிளையின் வாடிக்கையாளர் நூறு பேருக்குத் தலா 13 கோடி ரூபாய் வரவானதாகக் காட்டியதும் இதே ரகம்தான்.

இந்த மூன்றிலும் தவறு வங்கியுடையது. தன் ஏட்டில் தானே எழுதிய தப்பான வரவை வங்கி தானே அடித்துத் திருத்தியது. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சிறு பட்டறையின் கணக்கர் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டி, பணம் வேறொருவர் கணக்குக்குப் போய்விட்டால் கதை வேறு. வங்கிக்கு ஏட்டில் பிழை எதுவும் தெரிவதில்லை. வாடிக்கையாளர் சொன்ன எண்ணுக்குச் சொன்ன தொகையை அது அனுப்பிவிட்டது. பெற்றவரின் கணக்கில் இருக்கும் பணம் இப்போது அவருடைய வைப்பு. அவர் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் அதில் கை வைக்க எந்த வங்கியும் தயங்கும். “நீங்கள்தானே தப்பாகப் போட்டீர்கள், நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று கவுண்டரில் கேட்கும் பதில் அலட்சியமாகத் தோன்றினாலும், அதற்கு அடியில் ஒரு விதி இருக்கிறது.

2010 அக்டோபர் 14 அன்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மின்னணுப் பணமாற்றத்தில் பெறுபவரின் பெயரைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஆனால் வரவு வைக்கும்போது கணக்கு எண்ணை மட்டும் நம்பினால் போதும். அந்த எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு அனுப்புபவருடையது என்பது அதன் சாரம். லட்சக்கணக்கான பரிவர்த்தனைகளில் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட முடியாது, முருகன் ஒரு இடத்தில் முருகேசன் என்று இருந்தால் பணம் நின்றுவிடும் என்ற நடைமுறைக் காரணம் அதன் பின்னால் உண்டு. விளைவு என்னவென்றால், அதற்குப் பிறகு நாம் எழுதிய பெயர் வெறும் அலங்காரமாகிவிட்டது. அதே சுற்றறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு: தவறான வரவு நேர்ந்தால் அதைத் திருப்பிச் சரிசெய்ய விரைவான, வெளிப்படையான குறைதீர்ப்பு முறையை வங்கிகள் வைத்திருக்க வேண்டும். கவுண்டரில் முதல் பாதி மட்டும் நினைவில் இருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளில் இந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, காக்களூர் பேட்டைகளில் வேலை பார்ப்பவர்களில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்துக்காரர்கள் ஏராளம். அவர்களுடைய கணக்கு பெரும்பாலும் சொந்த ஊர்க் கிளையில் இருக்கும். ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில் ஒருவர், வாட்ஸ்ஆப்பில் வந்த பாஸ்புக் படத்தைப் பார்த்துக் கணக்கு எண்களை எக்செல் தாளில் ஏற்றுவார். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். அந்தக் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றாமல் எண்ணைத் தட்டினால், கடைசி இலக்கம் எதுவாக இருந்தாலும் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்ணாக இருந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். தட்டியவர் சரியாகத்தான் தட்டினார், தாள் மாற்றிவிட்டது. சம்பளக் கோப்பு வங்கிக்குப் போனபின் யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

மாறிய எண்ணில் கணக்கே இல்லை என்றால் கவலை இல்லை. நெஃப்ட் முறையில், வரவு வைக்க முடியாத பணத்தை அந்தத் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி திருப்பி அனுப்ப வேண்டும். ஆர்.டி.ஜி.எஸ்.-இல் இந்த அவகாசம் இன்னும் குறைவு. மூடப்பட்ட கணக்காக இருந்தாலும் பணம் திரும்பிவிடும். சிக்கல், மாறிய எண்ணில் உயிருள்ள ஒரு கணக்கு இருக்கும்போதுதான். இந்தியாவில் கணக்கு எண்களுக்கு ஒரே சீரான அமைப்பு இல்லை. ஐரோப்பாவில் புழங்கும் ஐபேன் எண்ணில் இரண்டு சோதனை இலக்கங்கள் உண்டு. ஓர் இலக்கம் மாறினாலும் கணக்குப் பொருந்தாமல் கணினி அங்கேயே நிறுத்திவிடும். நம்மிடம் அப்படிப் பொதுவான காவல் எதுவும் இல்லை.

நடைமுறையை விளக்க ஒரு கற்பனை நேர்வை எடுத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஒரு பட்டறை, காக்களூரில் உள்ள ஒருவரிடம் இரண்டு லட்சம் ரூபாய்க்கு இரும்புச் சட்டங்கள் வாங்குகிறது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 2,36,000 ரூபாய். இரண்டு லட்சத்துக்கு மேல் என்பதால் ஆர்.டி.ஜி.எஸ். 4587 என்று முடிய வேண்டிய எண் 4857 என்று தட்டப்படுகிறது. இரண்டும் ஒரே வங்கியின் கணக்குகள். பணம் சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காக்களூர்க்காரர் போன் செய்து, “அண்ணே, இன்னும் வரலையே” என்கிறார்.

கணக்கர் செய்ய வேண்டிய முதல் வேலை, பணம் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. பற்று ஆகி, பெறுபவருக்குப் போகாமல் நடுவில் நின்றிருந்தால் அது ‘தோல்வியடைந்த பரிவர்த்தனை’. அதற்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை நாள் கணக்கு வைத்திருக்கிறது, யு.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ். போன்றவற்றில் குறித்த நாளுக்குள் பணம் திரும்பாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நம்முடையது அதுவல்ல. நம் பரிவர்த்தனை வெற்றி பெற்றுவிட்டது. வேறு ஆளிடம் வெற்றி பெற்றுவிட்டது, அவ்வளவுதான். இரண்டையும் குழப்பி, “பணம் வரவில்லை” என்று மட்டும் புகார் எழுதினால், ‘வெற்றிகரமாக வரவு வைக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி பதிலோடு புகார் மூடப்படும். இணைய மோசடிக்கான 1930 எண்ணை அழைப்பதும் சரியல்ல. இங்கே யாரும் ஏமாற்றவில்லை. மோசடி என்று பொய்யாகச் சொல்லி ஒருவரின் கணக்கை முடக்கவைத்தால் அது நம்மேலேயே திரும்பும்.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளலாம்; அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அன்றைக்கே கிளைக்குப் போய் எழுத்தில் கொடுப்பதுதான் பிறகு நிற்கும். அந்தக் கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருக்க வேண்டும்:

“ஐயா, எங்கள் நடப்புக் கணக்கு எண் ……-இலிருந்து, இன்ன தேதி காலை 11.20 மணிக்கு, ஆர்.டி.ஜி.எஸ். மூலம் ரூ. 2,36,000 (ரூபாய் இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரம் மட்டும்) அனுப்பினோம். யு.டி.ஆர். எண் ……. பணம் செல்ல வேண்டிய கணக்கு …… 4587, பெயர் ……, ஐ.எஃப்.எஸ்.சி. ……. எங்கள் தட்டச்சுப் பிழையால் …… 4857 என்ற கணக்குக்குச் சென்றுவிட்டது. அந்தக் கணக்கை உடையவரோடு எங்களுக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. எனவே (அ) பெறும் வங்கிக்கு இன்றே பணத்தைத் திரும்பக் கோரும் செய்தி அனுப்பவும், (ஆ) கணக்குடையவரிடம் தெரிவித்து அவர் சம்மதம் பெறவும், அதுவரை அத்தொகை எடுக்கப்படாமல் இருக்க ஆவன செய்யவும், (இ) பெறும் வங்கியின் பதிலை எழுத்தில் எங்களுக்குத் தரவும் கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு: கணக்கு அறிக்கை, விற்பனைப் பட்டியல், சரியான கணக்கின் ரத்து செய்யப்பட்ட காசோலை நகல்.”

இதில் ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. யு.டி.ஆர். எண்தான் எல்லாவற்றுக்கும் சாவி. ஆர்.டி.ஜி.எஸ்.-இல் அது 22 எழுத்துகள்: முதல் நான்கு அனுப்பும் வங்கியின் குறியீடு, அடுத்து ஆர்.டி.ஜி.எஸ்.-ஐக் குறிக்கும் எழுத்து, அனுப்பிய வழியைக் குறிக்கும் ஓர் எழுத்து, பிறகு ஆண்டு மாதம் நாளாக எட்டு இலக்கம், கடைசியில் எட்டு இலக்க வரிசை எண். யு.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ். என்றால் 12 இலக்கக் குறிப்பு எண். இதில் ஓர் எழுத்து விடுபட்டாலும் பெறும் வங்கி ‘விவரம் கிடைக்கவில்லை’ என்று சொல்ல வழி கிடைத்துவிடும். சரியான எண்ணையும் தப்பான எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. 4587-உம் 4857-உம் அடுத்தடுத்து நின்றால் இது கைப்பிழை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். பழைய கடனைத் தீர்த்துவிட்டு இப்போது மனம் மாறிக் கேட்கிறார் என்ற சந்தேகத்துக்கு விற்பனைப் பட்டியல் பதில் சொல்கிறது.

இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு கிளை முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். முத்திரை போடத் தயங்கும் கிளைகள் உண்டு. அப்போது விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்பலாம், கிளையின் மின்னஞ்சலுக்கும் அனுப்பலாம். பெறும் வங்கியின் கிளை எது என்பதை ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணே காட்டிக்கொடுக்கும், ஒரு நகலை அங்கேயும் சேர்ப்பது நல்லது. அந்தக் கிளை மேலாளர் தன் வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் நமக்குச் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் போனை எடுத்து அவரோடு பேச முடியும். கைமாறிப் போன பணம் பெரும்பாலும் திரும்புவதும் திரும்பாததும் அந்த ஒரு போனில் இருக்கிறது.

நம் நேர்வில் பெற்றவர் நேர்மையானவராக இருந்தால் கதை இங்கேயே முடியும். தன் கிளையில் ஒரு சம்மதக் கடிதம் கொடுப்பார். வந்த வழியே பணம் திரும்பும். இங்கே பெறுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: தெரியாத ஒருவர் போனில் “தவறாகப் போட்டுவிட்டேன், இந்த நம்பருக்கு அனுப்பிவிடுங்கள்” என்று கேட்டால் நேரடியாக அனுப்பாமல் வங்கி மூலமே திருப்புங்கள். மோசடிப் பணத்தை அப்படிக் கைமாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

பெற்றவர் கெட்டவர் என்பதால் மட்டும் பணம் மாட்டிக்கொள்வதில்லை. ஊரைவிட்டு வேலைக்கு வந்தவரின் பழைய கணக்கில் கொடுத்த போன் எண் மாறியிருக்கலாம். சம்மதம் கேட்க ஆளே கிடைக்காது. கணக்குடையவர் இறந்துபோயிருக்கலாம். காவல்துறையோ நீதிமன்றமோ எடுப்பை மட்டும் நிறுத்திவைத்த கணக்காக இருக்கலாம். அதில் பணம் போகும், வராது. இவற்றைவிட மோசமானது, பட்டறைகள் நிறைந்த இடத்தில் எளிதில் நேரக்கூடியது: பணம் போய் விழுந்தது ஒரு கடன் கணக்காகவோ மீறிப்போன ஓவர்டிராப்டாகவோ இருப்பது. நம் 2,36,000 ரூபாய் போனவுடன் அந்த நிறுவனத்தின் கடனில் அத்தனை குறைந்துவிடும். வங்கி அதைத் தன் வசூலாகவே கணக்கில் எழுதிக்கொள்ளும். ‘கணக்கில் இருப்பு இல்லை, திருப்ப முடியாது’ என்று பதில் வரும். கடன்காரர் அல்லாத ஒருவரின் பணத்தில் இன்னொருவரின் கடனைக் கழித்துக்கொள்ள வங்கிக்கு நியாயம் இல்லை. ஆனால் அதை வாதிட, வங்கிக்குத் தவறு தெரிந்த நாள் எது என்பதற்குக் கையில் முத்திரை போட்ட கடிதம் வேண்டும்.

சட்டம் யார் பக்கம் என்பதில் குழப்பமே இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 72, தவறுதலாகப் பணம் கொடுக்கப்பட்டவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அச்சட்டமே தரும் எடுத்துக்காட்டு எளிமையானது: இருவர் சேர்ந்து ஒருவருக்கு நூறு ரூபாய் தர வேண்டும், ஒருவர் கொடுத்துவிட்டார், அது தெரியாமல் மற்றவரும் கொடுத்தார். வாங்கியவர் இரண்டாவது நூறைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். கொடுத்தவர் கவனக்குறைவாக இருந்தாரா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. வழக்குப் போட மூன்று ஆண்டு; தவறின் அடிப்படையிலான வழக்கில் அந்தக் கெடு தவறு தெரிந்த நாளிலிருந்து ஓடும்.

தெரிந்தும் வைத்துக்கொண்டால் அது குற்றமும் ஆகும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவாகியிருக்கிறது. குறைந்தது ஆறு மாதம், அதிகமாக இரண்டு ஆண்டு சிறையும் அபராதமும். 2021-இல் பீகாரின் ககரியா மாவட்டத்தில், கிராம வங்கியின் தவறால் தன் கணக்குக்கு வந்த ஐந்தரை லட்சம் ரூபாயைச் செலவழித்துவிட்டு, பிரதமர் அனுப்பியது என்று நினைத்தேன் என்று சொன்ன ஒருவர் கைதானார். அங்கே புகார் கொடுத்தது வங்கி. தனியாள் புகாருக்கு அந்த வேகம் கிடைக்காது. இந்தக் குற்றம் காவல்துறை நீதித்துறை நடுவரின் உத்தரவின்றி விசாரிக்க முடியாத வகையைச் சேர்ந்தது. ஆகவே காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது கிடைப்பதோடு நிற்கலாம். அந்த ரசீதும் வீண் இல்லை. பெற்றவருக்குத் தவறு தெரிவிக்கப்பட்டது என்பதற்கு அது இன்னொரு சாட்சி.

கடிதம் கொடுத்து 30 நாளாகியும் வங்கி பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தில் cms.rbi.org.in தளத்திலேயே புகாரைப் பதியலாம், கட்டணம் இல்லை. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்ததற்கான சான்று இல்லாவிட்டால் புகார் ஏற்கப்படாது. இங்கே எழுத வேண்டியதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘என் பணத்தை மீட்டுத் தாருங்கள்’ என்று எழுதினால், தவறு உங்களுடையது என்று முடிந்துவிடும். ‘இன்ன தேதியில் கடிதம் கொடுத்தேன், பெறும் வங்கிக்குச் செய்தி அனுப்பப்படவில்லை, பதில் தரப்படவில்லை’ என்பது சேவைக் குறைபாடு. அதைத்தான் அவர் விசாரிக்க முடியும். நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதே விஷயத்தை அவர் எடுக்க மாட்டார் என்பதால், முதலில் இவர், பிறகு நீதிமன்றம் என்று வரிசை வைத்துக்கொள்வது நல்லது.

நீதிமன்றத்துக்குப் போனால் முதல் கேள்வி: யார்மீது வழக்கு? பெயர் தெரியாது. வங்கி சொல்லாது. பெறும் வங்கியையும் எதிர்வாதியாகச் சேர்த்து, இந்தக் கணக்கை உடையவரின் விவரத்தைத் தாக்கல் செய்யச் சொல்லும்படி நீதிமன்றத்தைக் கேட்பதே வழக்கறிஞர்கள் எடுக்கும் வழி. சட்டப்படி நிர்ப்பந்திக்கப்படும்போது வங்கியின் ரகசியக் கடமை விலகிவிடும். 2,36,000 ரூபாய்க்கு இது தாங்கும். கூலிக்காரரின் 14,000 ரூபாய்ச் சம்பளத்துக்குப் பொன்னேரிக்கும் திருவள்ளூருக்கும் அலைவது கட்டுப்படியாகாது. அவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குத் தொடரும் முன்பே மக்கள் நீதிமன்றச் சமரசம் கேட்கும் மனு ஒன்றுதான் மலிவான வழி. நியாயமாக அந்த நட்டம் எண்ணைத் தப்பாக ஏற்றிய ஒப்பந்ததாரருடையது. பணம் திரும்பும்வரை சம்பளம் கிடையாது என்று தொழிலாளியைக் காக்கவைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. பட்டறைக்காரரும் அப்படித்தான்: பணம் எங்கே போனாலும் காக்களூர்க்காரருக்குத் தர வேண்டிய பாக்கி அப்படியே நிற்கிறது.

தவறே நேராமல் தடுக்க இப்போது ஓரளவு வழி பிறந்திருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவின்படி, 2025 ஏப்ரல் 1-க்குள் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை வங்கிகள் கட்டணமின்றித் தர வேண்டும். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் அந்தப் பெயரை ஒருவர் படித்தால்தான் அது உதவும். முந்நூறு பேரின் சம்பளக் கோப்பை மொத்தமாக ஏற்றும் இடத்தில் அந்த ஒருவர் இருப்பது அரிது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டுக்கொள்ளும் பழைய பழக்கம் அங்கே இன்றும் நம்பகமானது.

நேர்ந்த தவறைத் திருத்துவதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். பிரிட்டனில் பணத்தை மீட்க முடியாவிட்டால், அனுப்பியவர் எழுத்தில் கேட்கும்போது, வழக்குத் தொடரத் தேவையான விவரங்களை வங்கி தர வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு விதி. தென்கொரியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2021 ஜூலை 6 முதல் அங்குள்ள வைப்புக் காப்பீட்டு நிறுவனம், வங்கி கேட்டும் திரும்பாத தொகையை அனுப்பியவர் சார்பில் தானே துரத்தி வசூலித்து, செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. தொடக்கத்தில் ஒரு கோடி வொன் வரை என்றிருந்த வரம்பு, 2025-இல் பத்துக் கோடி வொன்னாக உயர்ந்திருக்கிறது.

இந்தியாவில் சட்டம் ‘திருப்பிக் கொடு’ என்கிறது. நடைமுறை ‘கேட்டுப் பார்க்கிறோம்’ என்கிறது. திரும்பக் கோரும் செய்தி வந்த இத்தனை நாளுக்குள் பெறும் வங்கி தன் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும், அவர் மறுத்தால் மறுப்பை எழுத்தில் தர வேண்டும் என்று தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு 2019-இல் வகுத்ததைப் போல ஒரு கெடுவை ரிசர்வ் வங்கி இதற்கும் வகுக்க வேண்டும். அது வரும்வரை, முத்திரை போட்ட கடித நகலைப் பணம் திரும்பும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.